கடைசி வரி வரைக்கும் படித்தவர் ஏன் ஃபெயிலானார்?

“கடைசி வரி வரைக்கும் படிச்சேனேம்மா. அப்புறம் எப்படி ஃபெயில்?”

சித்தப்பா போனில் கேட்ட முதல் கேள்வி இது. லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். எழுத்து அட்டையைக் கடகடவென்று வாசித்துவிட்டார். பிறகு ஓர் இருட்டறையில், பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நன்றாகத்தான் செய்தேன் என்கிறார். கொஞ்ச நாளில் வந்த கடிதத்தில், வாகனம் ஓட்டத் தேவையான பார்வை இல்லை என்று இருக்கிறது.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் வீட்டு ஆள் ஒருவர் அதில் தோற்றுவிட்டு வந்து என்னிடம் நியாயம் கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. எழுத்து நன்றாகத் தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்?

எழுத்து அட்டை எதை அளக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் போட்டுக்கொடுத்த கணக்கில்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறோம். 6/6 என்றால் ஆறு மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டியது ஆறு மீட்டரில் தெரிகிறது. 6/12 என்றால் சாதாரணக் கண்ணுக்குப் பன்னிரண்டு மீட்டரில் தெரிவதை இவர் ஆறு மீட்டர் வரை கிட்டே வந்தால்தான் படிக்க முடியும். சொந்த வண்டி ஓட்டுவதற்குப் பல நாடுகள் கேட்பது இந்த 6/12-ஐத்தான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 20/40 என்பார்கள், ஐரோப்பாவில் 0.5 என்பார்கள். எல்லாம் ஒரே அளவுதான். ஆறு மீட்டரில் அந்த எழுத்தின் உயரம் சுமார் 17 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய சவால் ஒன்றும் இல்லை. பஸ், லாரி ஓட்டுபவர்களிடம் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள்.

அட்டைக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. பிரிட்டனில் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க வேண்டும். இந்தியாவின் மருத்துவச் சான்றுப் படிவத்தில் 25 மீட்டர் என்று எழுதியிருக்கும். அட்டையோ பிளேட்டோ, இரண்டும் சோதிப்பது ஒரே இடத்தைத்தான்: விழித்திரையின் நட்டநடுவில் உள்ள சின்னஞ்சிறு புள்ளியை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த நகம் மறைக்கும் அளவுதான், ஏறக்குறைய இரண்டு டிகிரி. எழுத்தைப் படிக்கும்போது அந்த நகத்தளவு இடத்தைத்தான் பயன்படுத்துகிறோம். மீதிப் பார்வை முழுவதும் உருப்படியாக இருக்கிறதா என்று அட்டைக்குத் தெரியாது.

எழுத்தில் தோற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் அவர்கள்தான், அதிகம் பயப்பட வேண்டாதவர்களும் அவர்கள்தான். ஒரு கருப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட துளை போட்டு, அதன் வழியாகப் பார்க்கச் சொல்வோம். துளை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடியின் பவர்தான் மாறியிருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி போகலாம். துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். மருத்துவரிடம் அனுப்புவோம். கண்புரையென்றால் அறுவை செய்தபின் பெரும்பாலானவர்கள் வசதியாகத் தேறிவிடுவார்கள். கண்புரைக்காரர்களில் சிலர் மட்டும் 6/12-ஐத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டு, இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டில் ஒன்றுமே தெரியாமல் திணறுவார்கள். அந்தக் கண்கூச்சத்தை அட்டை அளக்காது. அவர்களாகவே சொன்னால்தான் உண்டு.

சித்தப்பாவின் விஷயம் வேறு. அவருக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. மூன்று வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். போடுகிறார் என்பதைவிட, ஞாபகம் வரும்போது போடுகிறார் என்பது சரியாக இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் நோய் அது. நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைத்து, அதற்கு வெளியே உள்ள இடங்களை முதலில் எடுக்கும். அதனால் எழுத்து தெரிந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் லைசென்ஸ் விதிகளில் இரண்டாவதாக ஒரு கணக்கு இருக்கிறது: பார்வைப் புலம். நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. நல்ல கண்கள் இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அரைவட்டம், 180 டிகிரி, தெரியும். ஐரோப்பிய விதி குறைந்தது 120 டிகிரி கேட்கிறது, அதில் இடமும் வலமும் 50 டிகிரியாவது இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 110. ஐரோப்பிய விதியில் இன்னொரு வரியும் உண்டு, சித்தப்பா மாட்டிக்கொண்டது அதில்தான்: நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 20 டிகிரிக்குள் ஓட்டை இருக்கக் கூடாது.

“ஓட்டையா? எனக்கு எங்கயும் கருப்பா தெரியலையே!” என்றார் சித்தப்பா.

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பதில் சொல்லாமல் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். படிப்பவர்களும் செய்து பார்க்கலாம். இடக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேரே நீட்டி, இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். வலக்கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள், பார்வையை எடுக்கக் கூடாது. இப்போது வலது கட்டைவிரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில், விரலின் நுனி காணாமல் போகும். இன்னும் நகர்த்தினால் திரும்பி வரும். நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் அது. அங்கே பார்க்கும் செல்களே கிடையாது. பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் இருக்கும் ஓட்டை.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “விரல் போயிடுச்சு. ஆனா அங்க கருப்பா ஒண்ணும் இல்லையே. சுவரு மட்டும்தான் தெரியுது” என்றார்.

ஆமாம், அங்கே சுவர்தான் தெரியும். தகவல் வராத இடத்தில் சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதை எடுத்து மூளை ஒட்டுப்போட்டுவிடும். கிளாக்கோமா போட்ட ஓட்டையையும் இப்படித்தான் ஒட்டும். சாலையில் அந்த இடத்தில் ஒரு சிறுவன் நின்றால், சிறுவன் இருக்கும் இடத்தில் இருட்டு தெரியாது. வெறும் நடைபாதை தெரியும். “திடீர்னு எங்கிருந்தோ வந்துட்டான்” என்று சொல்வோமே, அது இதுதான்.

இன்னொன்றையும் கேட்டார். எல்லோருக்கும் ஓட்டை இருக்கும்போது எல்லோரும் எப்படி ஓட்டுகிறோம்? வலக்கண்ணின் ஓட்டை வலப்பக்கமும் இடக்கண்ணின் ஓட்டை இடப்பக்கமும் இருக்கிறது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் லைசென்ஸுக்கான புலப் பரிசோதனையை இரண்டு கண்களையும் திறந்துவைத்தே செய்கிறோம். ஒரு கண்ணில் மட்டும் பழுதென்றால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். இரண்டு கண்ணின் பழுதும் ஒரே திசையில் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடம்தான் வம்பு.

அந்தப் பரிசோதனைக்கு எஸ்டர்மன் டெஸ்ட் என்று பெயர். எல்லா நாட்டிலும் இதையே பயன்படுத்துவதில்லை, ஆனால் பரவலாக இருப்பது இது. கிண்ணத்தின் நடுவில் ஒரு விளக்கு இருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் 120 இடங்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் மின்னும். தெரிந்தால் பட்டன். ஓர் இடத்தில் தெரியவில்லையென்றால் மெஷின் அதே இடத்தில் இன்னொரு முறை மின்னவிட்டுப் பார்க்கும், அப்போதும் பட்டன் அமுங்கவில்லையென்றால் விட்டுப்போன புள்ளி என்று குறித்துக்கொள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். 120 புள்ளிகளும் சமமாகப் பரவியிருக்காது. வண்டி ஓட்டத் தேவையான இடம் என்று கருதி, கிடைமட்டக் கோட்டை ஒட்டியும் கீழ்ப்பாதியிலும் நெருக்கமாக வைத்திருப்பார்கள். மேலே கம்மி.

கிளாக்கோமாக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். மருத்துவமனையில் அவர்களுக்கு வருடாவருடம் எடுக்கும் ஃபீல்டு டெஸ்டில், மெஷின் வேண்டுமென்றே மங்கல், அதைவிட மங்கல் என்று இறங்கிக்கொண்டே போகும். பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது. எஸ்டர்மன் அப்படி இல்லை. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு பிரகாசம், நல்ல பிரகாசம். ஆரோக்கியமான கண்ணுக்கு அநேகமாக எல்லாமே தெரியும். பழைய டெஸ்டின் ஞாபகத்தில், “தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அமுக்கிட்டேன்” என்று செய்பவர்கள் உண்டு. சித்தப்பா அந்த ரகம் என்று பிறகு தெரிந்தது.

முடிவு அச்சிட்ட தாளின் நகலை வாங்கச் சொன்னேன். தோற்றுப்போனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். கடிதத்தில் இருப்பது தீர்ப்பு மட்டும், தாளில்தான் வழக்கு முழுவதும் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பினார். தெரிந்த புள்ளி வட்டம், விட்டுப்போன புள்ளி கருப்புக் கட்டம். 120-இல் 109 தெரிந்திருக்கிறது, 11 விட்டுப்போயிருக்கிறது.

“நூத்தி இருபதுக்கு நூத்தி ஒம்பது! பரீட்சைல இது டிஸ்டிங்ஷன்மா.”

டிஸ்டிங்ஷன்தான். ஆனால் இதில் மொத்த மார்க்குக்கு மதிப்பில்லை. எந்த இடத்தில் போனது என்பதுதான் பேச்சு. பதினொன்றையும் பிரித்துப் பார்த்தேன். ஐந்து, மேல் விளிம்பில். சித்தப்பாவுக்கு வயதானதில் மேல் இமை கொஞ்சம் தொங்கியிருக்கும், அது மறைத்திருக்கிறது. இரண்டு, வலப்பக்கக் கடைசி ஓரத்தில். அவருடைய கண்ணாடிக்கு விரலளவு தடிமனான கருப்புக் காது உண்டு, அது மறைத்திருக்க வாய்ப்பு அதிகம். மிச்சம் நான்கு. நான்கும் இடப்பக்கம், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, 10 டிகிரியிலிருந்து 20 டிகிரி வரை, ஒன்றையொன்று தொட்டபடி உட்கார்ந்திருந்தன.

அந்த நான்கில்தான் பிரச்சினை. ஓட்டை இருக்கக் கூடாது என்ற விதியை எப்படி எண்ணுவது என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். 20 டிகிரிக்குள் தனித்தனியாக விட்டுப்போன புள்ளிகள் பரவாயில்லை. சேர்ந்தாற்போல் மூன்று வரைகூட ஏற்றுக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் நான்கோ அதற்கு மேலோ சேர்ந்து, அதில் ஒரு பகுதியாவது 20 டிகிரிக்குள் வந்துவிட்டால் கிடையாது.

நான்கு புள்ளி என்றால் சாலையில் எவ்வளவு? பதினைந்து மீட்டர் முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் 10 டிகிரி இடப்பக்கம் என்பது உங்கள் நேர்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகம். 20 டிகிரி என்பது ஐந்தரை மீட்டர். நடுவில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒட்டுப்போட்ட படம். ஒரு சைக்கிள் முழுசாக உள்ளே போய்விடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் பதினைந்து மீட்டரை ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக் கடந்துவிடுவோம்.

கண்ணை அசைத்துக்கொண்டேதானே ஓட்டுகிறோம், ஓட்டையும் கூடவே நகர்ந்துவிடுமே என்று கேட்கலாம். சித்தப்பாவும் கேட்டார். பாதி சரி. நகரும்தான். ஆனால் கண்ணை எங்கே திருப்புவது என்று சொல்வதே ஓரப்பார்வைதான். அங்கே ஏதோ அசைகிறது என்று அது தட்டிக்கொடுத்தால்தான் நடுப்பார்வை அந்தப் பக்கம் போகும். தட்ட வேண்டிய இடமே செத்துப்போயிருந்தால் திரும்பக் காரணம் இல்லை. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, கப்பல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பக்கவாட்டிலிருந்து வரும் ஒன்று உங்களோடு மோதப்போகிறது என்றால், உங்கள் கண்ணுக்கு அது ஒரே கோணத்தில் நின்றுகொண்டிருக்கும், அளவில் மட்டும் பெரிதாகும். முன்னேயோ பின்னேயோ நகர்ந்தால் அது தப்பிப் போய்விடும் என்று அர்த்தம். அப்படியென்றால் ஓட்டைக்குள் விழுந்தவற்றில் மோதாமல் போகக்கூடியவை வெளியே வந்துவிடும். மோத வருவது மட்டும் உள்ளேயே இருக்கும்.

சரி, தாளுக்குத் திரும்புவோம். ஓரத்தில் சின்னதாக ஓர் எண் இருந்தது. தவறான அழுத்தங்கள்: 2/9. இடையிடையே மெஷின் வெளிச்சம் காட்டாமல் சும்மா ஒரு இடைவெளி விட்டுப் பார்க்கும். அப்போதும் பட்டன் அமுங்கினால், ஆள் குத்துமதிப்பாக அமுக்குகிறார் என்று பொருள். ஒன்பது தடவை ஏமாற்றிப் பார்த்ததில் சித்தப்பா இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார், அதாவது 22 சதவீதம். பிரிட்டனில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளையே ஏற்க மாட்டார்கள்.

“அப்ப அந்த டெஸ்டே செல்லாதா?” குரலில் சட்டென்று தெம்பு.

செல்லாது, திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்க உரிமை இருக்கிறது என்றேன். ஆனால் ஆசைகாட்ட விரும்பவில்லை. குத்துமதிப்பாக அமுக்கினால் தெரியாத புள்ளியும் தெரிந்ததாகப் பதிவாகும். அதாவது அந்தத் தாள் அவருக்குச் சாதகமாகத்தான் பொய் சொல்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு புள்ளி இன்னும் போகலாம். தெம்பு வந்த சமயத்தில் வீட்டு ஆளிடம் இதைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. சொன்னேன்.

மறு டெஸ்டுக்கு என்னென்ன செய்தோம் என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கண்ணாடியை மாற்றினோம்: அதே பவர், மெல்லிய கம்பிக் காது. ஓட்டும்போது போடும் கண்ணாடியைத்தான் டெஸ்டிலும் போட வேண்டும் என்பதால், அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுவே அவருடைய கண்ணாடி என்றேன். டெஸ்டுக்கான நேரத்தைக் காலையில் வாங்கினோம். முதல் தடவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் உட்கார்ந்திருக்கிறார், பாதித் தூக்கத்தில் செய்ததாக அவரே ஒப்புக்கொண்டார். நாடியைத் தாங்கியில் முழுசாக வைக்க வேண்டும், நெற்றி பட்டையைத் தொட வேண்டும். கண் சிமிட்டலாம், சிமிட்டத்தான் வேண்டும். சிமிட்டாமல் முறைத்துக்கொண்டிருந்தால் கண் காய்ந்து புள்ளி மங்கும். களைப்பாக இருந்தால் பட்டனை அமுக்கியபடியே பிடித்திருந்தால் பல மெஷின்களில் டெஸ்ட் நிற்கும், விட்டால் தொடரும். இதைப் பாதிப் பேருக்கு யாரும் சொல்வதே இல்லை.

இமையைப் பிளாஸ்டர் போட்டுத் தூக்கிக் கட்டலாமா என்றும் கேட்டார். மருத்துவமனை டெஸ்டில் நாங்கள் அப்படிச் செய்வதுண்டு, நோயை மட்டும் பார்ப்பதற்காக. லைசென்ஸுக்கு அது சரியில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டா ஓட்டப்போகிறார்? இமைதான் உண்மையான தடை என்றால், இமை அறுவை செய்துகொண்டு வந்து தேறலாம். அவர் விஷயத்தில் மேல் விளிம்புப் புள்ளிகள் முடிவை மாற்றப்போவதில்லை, அதனால் அந்தப் பேச்சை விட்டோம்.

கண்ணை உருட்டி வெளிச்சத்தைத் தேடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிலர் அதை ஒரு யுக்தி என்று நினைக்கிறார்கள். ஒற்றைக் கண் டெஸ்டில், கண் நகர்ந்தால் மெஷினே பிறவி ஓட்டையை வைத்துக் கண்டுபிடித்துவிடும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அந்த வித்தை பலிக்காது, அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் திரையில் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அடிக்கடி உருண்டால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து செய்வேன். வேறு ஒருவர் பார்க்காமல் விட்டுவிடலாம். அப்படித் தேறியவரின் ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

இரண்டாவது டெஸ்டை நான் செய்யவில்லை, சொந்தக்காரர் என்பதால் செய்யவும் கூடாது. தாள் மட்டும் வந்தது. தவறான அழுத்தம் பூஜ்யம். வலப்பக்க ஓரத்தில் இருந்த இரண்டும் திரும்பிவிட்டன, கண்ணாடிக் காதுதான் என்பது உறுதியானது. மேல் விளிம்பில் ஐந்து மூன்றாகியிருந்தது. இடப்பக்கம் நான்கு, ஐந்தாகியிருந்தது. மொத்தம் 112. முன்னைவிட மூன்று மார்க் கூடுதல், முன்னைவிடத் தெளிவான தோல்வி.

அவருடைய கண் மருத்துவரிடம் ஒற்றைக் கண் டெஸ்டுகளின் பழைய தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வலக்கண்ணில் இடப்பக்கம் கீழே ஒரு மங்கல், இடக்கண்ணிலும் அதே திசையில் ஒன்று. ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் சரியாக அந்த ஐந்து புள்ளிகள். இரண்டு வெவ்வேறு மெஷின் ஒரே இடத்தைக் காட்டும்போது மெஷின் மேல் பழி போட முடியாது. ஒருவேளை அவை பொருந்தாமல் போயிருந்தால், அந்தத் தாள்களையே ஆதாரமாக வைத்து மேல்முறையீடு செய்யச் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகும் ஒரு கதவு இருக்கிறது, எல்லோருக்கும் திறக்காது. பார்வைப் புலம் விதிக்குள் வராவிட்டாலும் தனிப்பட்ட முறையில் பரிசீலிக்கலாம் என்று ஐரோப்பிய விதியில் இடமுண்டு. பிரிட்டனில் அதற்கு நிபந்தனைகள்: பழுது ஏற்பட்டுக் குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், ஒரே ஒரு சம்பவத்தாலோ வளராத நோயாலோ வந்ததாக இருக்க வேண்டும், அந்தக் குறைக்கு ஆள் முழுசாகப் பழகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சாலையில் ஓட்டிக்காட்டி நிரூபிக்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கப் புலத்தை இழந்தவர்கள், சிறுவயதிலிருந்தே குறை உள்ளவர்கள் சிலர் இந்த வழியில் லைசென்ஸ் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கப் பழகியிருப்பார்கள். ஓட்டையும் அப்படியே இருக்கும். கிளாக்கோமா வளரும் நோய். இந்த வருடம் பழகிய ஓட்டை அடுத்த வருடம் வேறு அளவில் இருக்கும். அதனால் சித்தப்பாவுக்கு இந்தக் கதவு மூடியிருந்தது.

ஒரு கண்ணை முழுதாக இழந்தவர்களைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். மிச்சக் கண் நன்றாக இருந்தால் அந்தக் கண் ஒன்றே 120 டிகிரியைத் தாண்டிவிடும். தூரம் கணிக்கப் பழகுவதற்கு அவகாசம் கொடுத்து, பிறகு சொந்த வண்டி ஓட்ட அனுமதிப்பார்கள். இரண்டிரண்டாகத் தெரிபவர்கள் அது சரியாகும் வரை ஓட்டக் கூடாது. கண்ணாடியில் ப்ரிஸம் வைத்தோ ஒரு கண்ணை மறைத்தோ சரிசெய்து, அதற்குப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார் என்று எழுத ஆசைதான். ஒத்துக்கொள்ளவில்லை. “பக்கத்துல காய்கறி வாங்க மட்டும் எடுத்துட்டுப் போறேன், யாருக்குத் தெரியப்போகுது” என்றார். விபத்து நடந்தால், பார்வை போதாது என்று கடிதம் மூலம் தெரிந்த பிறகு ஓட்டியவருக்கு இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கலாமா என்று கேட்டார். கிளாக்கோமா இருப்பதையே மறைத்து எழுத்து அட்டையை மட்டும் காட்டி வாங்கிவிட முடியும், அது எனக்கும் தெரியும். பல நாடுகளில் இந்த நோயைத் தானாகத் தெரிவிப்பது ஓட்டுபவரின் கடமை என்றேன். அப்போதும் முணுமுணுப்புதான்.

அடுத்த தடவை நேரில் போனபோது வண்டியை ஒரு காலி மைதானத்தில் நிறுத்தி, அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். பதினைந்து மீட்டர் தள்ளி நேரே ஒரு கம்பம் இருந்தது. அதன் உச்சியையே பாருங்கள், என்னைத் தேடக் கூடாது, தெரியும்போது ஹாரன் அடியுங்கள், மறைந்தால் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு சிவப்பு வாளியை முட்டி உயரத்தில் பிடித்துக்கொண்டு இடப்பக்கக் கோடியிலிருந்து கம்பத்தை நோக்கி நடந்தேன். ஹாரன் சத்தம் நீளமாக வந்தது. கம்பத்துக்கு ஐந்து மீட்டர் இருக்கும்போது நின்றது. நான் நான்கு எட்டு வைத்தேன், சத்தம் இல்லை. ஐந்தாவது எட்டில் திரும்ப ஆரம்பித்தது.

இது பரிசோதனையே இல்லை, அளவும் துல்லியமில்லை, வீட்டில் செய்து பார்த்துவிட்டு அதை வைத்து ஓட்டலாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. அவருக்குக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இறங்கி வந்து வாளியை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். “நீ நடந்துக்கிட்டுத்தான இருந்த?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “மைதானம்தான் தெரிஞ்சுது” என்றார்.

வண்டியை இப்போது சித்தி ஓட்டுகிறார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். இரண்டு தாளையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். இழந்த ஐந்து திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான் என்று மருத்துவர் சொன்னபின், இரவு ஒன்பது மணிக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறார்.

“ஆறாவது வராம பாத்துக்கலாம்ல?” என்றார் போன வாரம். ஒரு சொட்டு போதும், விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும் என்றேன். இத்தனை நாள் சொட்டு விட்டதும் எழுந்து டிவி பார்க்கப் போயிருக்கிறார்.